எடை தூக்கினால் பையன் வளராமல் நின்றுவிடுவானா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. 160 செ.மீ. உயரம், 47 கிலோ எடை. போன ஒரு வருடத்தில் மட்டும் 8 செ.மீ. வளர்ந்திருக்கிறான். நண்பர்களோடு ஜிம்மில் சேர வேண்டும் என்று ஒரு மாதமாக ஒரே பிடிவாதம். "இந்த வயசுல வெயிட் தூக்கினா அப்படியே குள்ளமா நின்னுடுவான்" என்று என் மாமனார் தடுக்கிறார். பையனோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் அப்பாவின் 10 கிலோ டம்பெல்லைத் தூக்கிப் பழகுகிறான் என்று இப்போதுதான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்தில் வலிக்கிறது என்கிறான். ஓடி விளையாடிவிட்டு வந்தால் அதிகமாகிறது. சேர்க்கலாமா? சேர்த்தால் எப்படித் தொடங்க வேண்டும்?

பதில்: சேர்க்கலாம். அதற்கு முன் அந்த 10 கிலோ டம்பெல்லை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவன் உயரம் நின்றுவிடும் என்பதால் சொல்லவில்லை. அவன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான சுமையை, யாரும் பார்க்காத இடத்தில், ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிப் பார்ப்பான். இந்த வயதில் உண்மையான காயங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. கால் விரலில் போட்டுக்கொள்வது, கை விரலை நசுக்கிக்கொள்வது, தாங்க முடியாமல் தோளைத் திருப்பிக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம்.

உங்கள் மாமனாரின் பயம் வெறும் கற்பனை இல்லை. அதற்கு ஒரு வேர் இருக்கிறது. வளரும் வயதில் நீண்ட எலும்புகளின் இரு முனைகளுக்கும் அருகில் வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்புப் படலம் இருக்கும். அதிலுள்ள செல்கள் பெருகிப் பெருகி எலும்பாக மாறுவதால்தான் கை கால் நீளுகிறது. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 13 முதல் 15 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 15 முதல் 17 வயதுக்குள்ளும் இந்தத் தட்டுகள் எலும்பாகி மூடிக்கொள்ளும். மூடும்வரை, சுற்றியுள்ள எலும்பையும் தசைநாரையும்விட இந்தத் தட்டு பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காக முடியும் ஒரு விபத்து, சிறுவனுக்குத் தட்டில் விரிசலாக முடியலாம். விரிசல் மோசமாக இருந்து சரியாகக் கவனிக்கப்படாமல் போனால், அந்த ஒரு எலும்பு குட்டையாகவோ கோணலாகவோ வளர வாய்ப்புண்டு.

1970, 80களில் எடை தூக்கிய பதின்வயதினருக்கு இப்படித் தட்டு முறிந்த சில நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் வெளியாயின. அவற்றில் பெரும்பாலானவற்றின் கதை ஒன்றுதான்: மேற்பார்வை கிடையாது, சக்திக்கு மீறிய எடை, பெரும்பாலும் தலைக்கு மேல் தூக்கும் முயற்சி. அதாவது அவை விபத்துகள். ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கப்பட்ட பயிற்சியின் விளைவுகள் அல்ல. ஆனால் "எடை தூக்கியவனுக்கு வளர்ச்சித் தட்டு உடைந்தது" என்பது வாய்வழியாகப் பரவும்போது "எடை தூக்கினால் வளர்ச்சி நிற்கும்" என்று சுருங்கிவிட்டது. அதன் பிறகு மேற்பார்வையோடு நடந்த பயிற்சிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் உயரம் குறைந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையும், முறையாகச் செய்யும் எடைப் பயிற்சி உயர வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்றே சொல்கிறது.

பளுதூக்கும் வீரர்கள் பலர் குள்ளமாக இருக்கிறார்களே என்று உங்கள் மாமனார் அடுத்துக் கேட்பார். கை கால் குட்டையாக இருந்தால் எடையைத் தூக்க வேண்டிய தூரம் குறைவு. அதனால் அவர்களுக்கு அந்த விளையாட்டு எளிதில் கைவருகிறது, அதிலேயே நிலைத்துவிடுகிறார்கள். கூடைப்பந்து ஆடினால் உயரம் வரும் என்று நம்புவதும் இதே தவறுதான், திசை மட்டும் வேறு.

இன்னொரு சின்ன விஷயம். பையன் மாலையில் பயிற்சி முடித்துவிட்டு உயரம் அளந்து, ஒரு செ.மீ. குறைந்துவிட்டதாகப் பதறி வரலாம். நாள் முழுவதும் நின்று நடந்ததில் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி எல்லோருக்கும் மாலையில் உயரம் சற்றுக் குறையும். இரவு படுத்து எழுந்தால் திரும்பிவிடும். அதனால் உயரத்தை மாதம் ஒருமுறை, எப்போதும் காலையில், ஒரே சுவரில் அளந்து குறியுங்கள். அந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

உண்மையில் அவன் வளர்ச்சித் தட்டுகள் ஏற்கெனவே பெரிய சுமையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு படியிலிருந்து குதித்து இறங்கும் நொடியில் கால்கள் வாங்கும் விசை உடல் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு வரை போகும். 47 கிலோ பையனுக்கு அது ஜிம்மில் முதல் ஆண்டில் தொடப்போகும் எந்த எடையையும்விட அதிகம். எனவே தட்டைப் பொறுத்தவரை கேள்வி எடை தூக்கலாமா என்பதில்லை. சுமை திடீரென்று வருகிறதா, கோணலாக வருகிறதா, அவன் கட்டுப்பாட்டை மீறி வருகிறதா என்பதுதான். கீழே சொல்லும் விதிகள் எல்லாம் இந்த மூன்றையும் தவிர்ப்பதற்காகத்தான்.

முதலில் முழங்கால் வலி. முழங்கால் சில்லிலிருந்து நாலைந்து செ.மீ. கீழே, எலும்பு சற்று மேடாக இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சரியாக அந்த இடத்தில் வலித்தால், அந்த மேடு சற்றுப் புடைத்தும் இருந்தால், அது ஆஸ்குட்-ஷ்லாட்டர் எனப்படும் தொல்லையாக இருக்கவே அதிக வாய்ப்பு. தொடையின் முன்பக்கத் தசை அந்த மேட்டில்தான் வந்து பிடித்துக்கொள்கிறது. எலும்பு வேகமாக நீளும் மாதங்களில் தசையின் இழுப்பு கூடி, இன்னும் முதிராத அந்த இடத்தைப் பிடுங்குவதுபோல் தொந்தரவு செய்கிறது. ஒரு வருடத்தில் 8 செ.மீ. வளர்ந்த, ஓடியாடும் பையனுக்கு இது வருவது சகஜம். பெரும்பாலும் வளர்ச்சி அடங்கும்போது தானே சரியாகும். மேடு மட்டும் சிலருக்கு அப்படியே நிற்கும், அதனால் கெடுதல் இல்லை.

இதற்காக எடைப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. குறைக்க வேண்டியது குதிப்பதையும் திடீரென்று நின்று திரும்பும் ஓட்டத்தையும்தான். ஆனால் இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, மூட்டு வீக்கம், நொண்டி நடப்பது, அல்லது முழங்காலை விட்டு இடுப்புப் பக்கம் வலிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஜிம்முக்குப் போகுமுன் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இடுப்பு மூட்டிலுள்ள கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவது இந்த வயதில் உண்டு. அதைத் தவறவிடக் கூடாது. உடற்பயிற்சியின்போது மயங்கியிருந்தாலோ, நெருங்கிய உறவில் யாராவது இளம் வயதில் திடீரென்று மாரடைப்பில் இறந்திருந்தாலோ, ரத்த அழுத்தமோ வலிப்போ கட்டுப்படாமல் இருந்தாலோ முதலில் மருத்துவர் சரி சொல்ல வேண்டும்.

இனி பயிற்சிக்கு வருவோம். வாரம் இரண்டு நாள் போதும், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. பிற்பாடு மூன்றாக்கலாம். முதல் 10 நிமிடம் உடலைச் சூடேற்ற வேண்டும்: வேக நடை, தோளையும் இடுப்பையும் சுழற்றுவது, எடை இல்லாமல் உட்கார்ந்து எழுவது. அதன் பிறகு ஐந்தே அசைவுகள். அவன் நண்பர்கள் பதினைந்து வகை செய்வார்கள். அவனுக்கு இந்த ஐந்து சுத்தமாக வந்தால் மற்ற எல்லாவற்றிலும் பாதி வந்ததுபோல.

உட்கார்ந்து எழும் ஸ்குவாட் முதலாவது. முழங்கால் வலி இருப்பதால் பின்னால் ஒரு நாற்காலி வைத்து, பிருஷ்டம் இருக்கையைத் தொட்டதும் எழட்டும். அதற்குக் கீழே இப்போதைக்கு வேண்டாம். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே மடியக் கூடாது. இரண்டாவது, இடுப்பிலிருந்து குனிவது. ஒரு நேரான குச்சியை முதுகோடு சேர்த்து, பின்தலை, மேல்முதுகு, இடுப்பெலும்பு மூன்றிலும் அது ஒட்டியிருக்கும்படி பிடித்துக்கொண்டு குனியச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு இடம் விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் குச்சிச் சோதனையில் தேறாதவன் தரையிலிருந்து எந்த எடையையும் எடுக்கக் கூடாது. என்னைக் கேட்டால் ஜிம்மில் சேர்ந்த முதல் வாரம் முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் வீணில்லை.

மூன்றாவது தண்டால். தரையில் நேராக வராவிட்டால் மேசை விளிம்பில் கை வைத்துச் செய்து, மெல்ல மெல்லத் தாழ்ந்த இடத்துக்கு வரலாம். கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் வலித்தால், மணிக்கட்டை மடக்காமல் டம்பெல் கைப்பிடியைப் பிடித்துச் செய்யட்டும். அங்கேயும் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. நான்காவது, ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றிக்கொண்டு மற்ற கையால் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது. ஐந்தாவது, முழங்கையில் ஊன்றி உடலைப் பலகைபோல் 20 விநாடி நிறுத்துவது.

முதல் இரண்டு வாரம் முதல் நான்கு அசைவுகளில் ஒவ்வொன்றிலும் ஒரே செட், அதாவது இடைவிடாமல் 10 தடவை, எடை இல்லாமல். டம்பெல் இழுப்புக்கு மட்டும் 2 கிலோ. மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு செட், இடையே ஒன்றரை நிமிட ஓய்வு. ஸ்குவாட்டின்போது மார்போடு அணைத்துக்கொள்ள 4 கிலோ டம்பெல் கொடுக்கலாம். சரியான எடை எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு வேண்டாம். 10 தடவை முடிந்ததும் "இன்னும் எத்தனை தடவை ஒழுங்காகச் செய்வாய்?" என்று கேளுங்கள். மூன்று அல்லது நான்கு என்றால் அதுதான் எடை. பத்து என்றால் இலகு. ஒன்று என்றால் அதிகம். "அதிகபட்சம் எவ்வளவு தூக்குவாய் பார்ப்போம்" என்ற போட்டி கூடவே கூடாது. பிள்ளைகளை நாசமாக்குவது அந்தப் போட்டிதான். பழைய தட்டு முறிவுகள் பலவற்றின் பின்னணியும் சக்திக்கு மீறிய இதே ஆசைதான்.

எடையைக் கூட்டுவதில்தான் வீட்டிலும் ஜிம்மிலும் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். ஒரு தடவைக்கு 5 முதல் 10 சதவீதம் கூட்டலாம் என்பது பொதுவான வழிகாட்டல். ஆனால் ரேக்கில் இருக்கும் டம்பெல்கள் அப்படி ஏறுவதில்லை. 4 கிலோவிலிருந்து 5-க்குப் போனாலே 25 சதவீதம், 5-லிருந்து 7.5-க்குத் தாவினால் 50 சதவீதம். 30 கிலோ தூக்கும் பெரியவருக்குச் சின்னதாகத் தெரியும் தாவல், உங்கள் பையனுக்கு ஒன்றரை மடங்குச் சுமை. அதனால் எடைக்கு முன் எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். 4 கிலோவில் 10 தடவையிலிருந்து 12, 12-லிருந்து 15 என்று போகட்டும். அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாள்களில், இரண்டு செட்டிலும் 15 தடவை அசைவின் உருவம் குலையாமல் வந்தால் மட்டும் 5 கிலோவை எடுத்து, எண்ணிக்கையை 8-க்குக் குறைத்து மறுபடி ஏறட்டும். அடுத்த டம்பெல் மிகக் கனமாக இருந்தால் பழைய எடையிலேயே இறக்கும் நேரத்தை மூன்று விநாடியாக்கட்டும். அது போதுமான கடினம்.

உருவம் குலைவதை வெளியிலிருந்து பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு கை மற்றதைவிட முந்துவது, இடுப்பை ஆட்டி எடையை எறிவது, கழுத்து நரம்பு புடைக்க மூச்சை அடக்குவது, இறக்கும்போது எடை தானாக விழுவது. இவற்றில் ஒன்று தெரிந்ததும் அந்த செட் முடிந்தது, எண்ணிக்கை மீதமிருந்தாலும் சரி. தூக்கும்போது மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். பாதிப் பயல்களுக்கு இதுவே நினைவிருப்பதில்லை. சத்தமாக எண்ணச் சொல்லுங்கள், எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது.

பார்பெல் இப்போது வேண்டாம். எடைத் தட்டு எதுவும் மாட்டாத வழக்கமான நீளக் கம்பியே 20 கிலோ, அவன் எடையில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். மல்லாந்து படுத்து மார்புக்கு மேல் கம்பி தூக்கும் பெஞ்சில், பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லாமல் அவன் ஒருநாளும் படுக்கக் கூடாது. காலால் தள்ளும், காலை நீட்டும் இயந்திரங்கள் பெரியவர் அளவுக்குச் செய்யப்பட்டவை. இருக்கையை எவ்வளவு நகர்த்தியும் அவன் முழங்கால் மடிப்பு இயந்திரத்தின் அச்சுக்கு நேராக வரவில்லை என்றால் அதைத் தொட வேண்டாம். அதுவும் இந்த முழங்காலோடு, காலை நீட்டும் இயந்திரம் தேவையே இல்லை.

வலியைப் பற்றி அவனிடம் இப்படிச் சொல்லி வையுங்கள். மறுநாள் தசையின் நடுப்பகுதியில், இரண்டு பக்கமும், அமுக்கினாலோ அசைத்தாலோ தெரியும் வலி பயிற்சியின் வலி. இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரே பக்கத்தில், ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், மூட்டை ஒட்டி வரும் வலி வேறு. அதோடு அந்த அசைவைச் செய்யக் கூடாது. முழங்கால் மேட்டுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: பத்துக்கு மூன்று அளவுக்குள் இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். காலையிலும் கூடுதலாகவே இருந்தால் நாற்காலியை உயரமாக்குங்கள், எடையைக் குறையுங்கள். பின்னால் வளையும்போது கீழ்முதுகில் வலி வந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு முதுகெலும்பின் பின்பகுதியில் மெல்லிய விரிசல் விழுவது உண்டு, அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

மாதம் ஒருமுறை காலையில் அளக்கச் சொன்ன உயரம் இங்கே உதவும். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்திருந்தால் அவன் வளர்ச்சியின் உச்ச வேகத்தில் இருக்கிறான். அந்த மாதங்களில் கை கால் நீளம் மூளைக்குப் பழகாமல், நேற்று நன்றாகச் செய்த அசைவும் தடுமாறும். எடையைக் கூட்டாமல் அப்படியே வைத்து, அசைவைச் செம்மைப்படுத்துவதே அப்போது வேலை.

முதல் எட்டு வாரத்தில் அவன் பலம் கூடும், உடம்பு பெருக்காது. தசைகளை ஒருசேர இயக்க நரம்புகள் பழகுவதால் வரும் பலம் அது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கண்ணாடியில் மாற்றம் தெரியாத பையன்தான் "ஒரு மாசத்துல உடம்பு ஏத்தித் தர்றேன்" என்று மாத்திரையோ ஊசியோ நீட்டுகிறவரிடம் போய் நிற்பான். அங்கேதான் உங்கள் மாமனார் பயந்தது உண்மையாகிறது. ஆண்மைச் சுரப்பை ஒத்த ஸ்டீராய்டுகள் உடலில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறி, வளர்ச்சித் தட்டுகளை நேரத்துக்கு முன்பே மூடிவிடக்கூடும். மூடிய தட்டு மறுபடி திறக்காது. தசை வளர்க்கும் பொடி என்று விற்பவற்றில் சிலவற்றில் பட்டியலில் குறிப்பிடாத இத்தகைய பொருள் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பொடியே அவனுக்குத் தேவையில்லை. வயிறு நிறைய மூன்று வேளைச் சாப்பாடும், எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும்தான் தேவை. வயிறு தெரிய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் உடனே குறுக்கிடுங்கள். வளரும் உடலுக்குச் சேர வேண்டியது சேராவிட்டால் வளர்ச்சி மந்தப்படும், அதற்கு டம்பெல் காரணமாக இருக்காது.

ஜிம்மில் சேர்க்கும்போது பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல் நாள் இவனுக்கு என்ன எடை கொடுப்பீர்கள்?" உடனே ஒரு எண்ணைச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். "முதலில் எடை இல்லாமல் செய்துகாட்டச் சொல்வேன்" என்று சொன்னால் அங்கே சேர்க்கலாம். மார்போடு அணைத்த 12 கிலோ டம்பெல்லோடு, முழங்கால் வலிக்காமல், 12 தடவை சுத்தமாக உட்கார்ந்து எழும் நாளில் அவன் 10 கிலோ பயிற்சிக் கம்பியைக் கேட்கட்டும், கொடுக்கலாம். அது மூன்று மாதத்தில் வருமா ஆறு மாதத்தில் வருமா என்று தேதி குறிக்க வேண்டாம்.